போன வருஷக் கணக்கோடு சதவீதம் கூட்டும் பட்ஜெட்: எங்கே தவறும், எங்கே போதும்

“போன வருஷச் செலவோட எட்டு சதவீதம் கூட்டிப் போட்டுர்றோம். இதுல என்ன தப்பு?”

தப்பு எட்டிலோ பத்திலோ இல்லை, அடியில் இருக்கும் தொகையில் இருக்கிறது. கமிட்டி கூடினால் “எட்டா, ஆறா” என்றுதான் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்த எட்டு சதவீதம் எதன்மேல் ஏறுகிறதோ அந்த நூறை யாரும் தொடுவதில்லை. பட்ஜெட்டில் பெரும் பணம் அந்த நூறில்தான் கிடக்கிறது.

போன வருஷத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் வெவ்வேறு குணமுள்ள செலவுகள் அதில் கலந்திருப்பது தெரியும். இனி வராத ஒருமுறைச் செலவு இருக்கும். வருஷத்தின் நடுவில் தொடங்கியதால் பாதிதான் தெரியும் செலவு இருக்கும். எண்ணிக்கை மாறினால் மாறும் செலவும், விலை மாறினால் மட்டும் மாறும் செலவும் இருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரே சதவீதத்தால் பெருக்கினால் சிலது வீங்கும், சிலது பற்றாமல் போகும். மொத்தம் தற்செயலாகச் சரியாக வந்தாலும் தலைப்பு ஒவ்வொன்றும் தவறாகவே இருக்கும்.

கீழே வரும் கணக்குகளுக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். திருமங்கலம் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் நடுத்தர அளவுப் பள்ளி, ஆறு வேன், நாற்பது ஆசிரியர்கள். பள்ளியும் எண்களும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. கணக்குப் போடும் முறை எந்த நிறுவனத்துக்கும் ஒன்றுதான்.

“ஒரு தலைப்பை எடுத்து முழுசாப் போட்டுக் காட்ட முடியுமா?”

வேன் செலவை எடுப்போம். போன வருஷம் ஆன செலவு இது:

- ஓட்டுநர், உதவியாளர் சம்பளம் (வேனுக்கு மாதம் 24,000): 17,28,000
- டீசல்: 10,04,400
- இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி (வேனுக்கு 60,000): 3,60,000
- டயர், வழக்கமான ரிப்பேர் (வேனுக்கு 50,000): 3,00,000
- ஒரு வேனுக்கு எஞ்சின் வேலை: 1,80,000

மொத்தம் 35,72,400 ரூபாய். எட்டு சதவீதம் கூட்டினால் 38,58,192. வழக்கமான பட்ஜெட் இங்கேயே முடிந்துவிடும்.

இப்போது அடித்தொகையைச் சுத்தம் செய்வோம். எஞ்சின் வேலை ஒருமுறைச் செலவு, அதை எடுத்துவிட வேண்டும். அடுத்ததாக, ஒவ்வொரு வேனிலும் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று பார்க்கிறோம். செக்கானூரணி வழி வேனும் கருமாத்தூர் வழி வேனும் பாதி காலியாக ஓடுகின்றன. இரண்டும் ஒரே பக்கம் என்பதால் ஒன்றாக்கலாம். போன வருஷத் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. “வேன் செலவு” என்ற ஒரு வரியில் வேனின் எண்ணிக்கையே தெரியாதே.

ஐந்து வேன் என்றால் சம்பளம் 14,40,000, இன்சூரன்ஸ் வகை 3,00,000, ரிப்பேர் 2,50,000. டீசலை லிட்டரில் போட வேண்டும். ஒரு வேன் நாளுக்கு 60 கிலோமீட்டர், 210 நாள், லிட்டருக்கு 7 கிலோமீட்டர் என்றால் 1,800 லிட்டர். ஐந்து வேனுக்கு 9,000 லிட்டர். சேர்த்த வழி தினமும் 12 கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவதால் இன்னும் 360 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 8,70,480. ஆக, சுத்தமான அடித்தொகை 28,60,480 ரூபாய்.

இதன்பிறகுதான் சதவீதம். அதுவும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. சம்பளம் ஜூன் முதல் 8% உயர்கிறது என்றால் பத்து மாதத்துக்கு 96,000. டீசலுக்கு 3% என்றால் ஏறக்குறைய 26,000. இன்சூரன்ஸ் வகைக்கு 10% என்றால் 30,000. ரிப்பேருக்கு 6% என்றால் 15,000. எல்லாம் சேர்த்தால் வருவது சுமார் 30,27,000. முதலில் போட்டதற்கும் இதற்கும் இடையே 8.3 லட்சம் வித்தியாசம் இருக்கிறது. சதவீதத்தை எட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்திருந்தால் மிச்சமாகியிருப்பது 1.07 லட்சம்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆறாவது வேனை ஏப்ரலுக்குள் விற்றால்தான் இந்தச் சேமிப்பு முழுதாக வரும். ஷெட்டில் நிறுத்தி வைத்தால் இன்சூரன்ஸ், வரி எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். ஓட்டுநரை அலுவலக வேலைக்கு மாற்றினால் அவர் சம்பளம் வேறு தலைப்புக்குப் போகுமே தவிர மறையாது. அதை அந்தத் தலைப்பில் கூட்டாமல் விட்டால் பட்ஜெட் பொய்யாகிவிடும்.

“ஒருமுறைச் செலவு உள்ளே நுழைஞ்சா அவ்வளவு பெரிய நஷ்டமா?”

அந்த 1,80,000 எஞ்சின் வேலையை யாரும் கவனிக்காமல் வருஷா வருஷம் எட்டு சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், ஐந்தாவது வருஷம் அதன் பெயரில் மட்டும் 2,64,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருப்போம். ஐந்து வருஷ ஒதுக்கீட்டின் கூட்டுத்தொகை 11.4 லட்சம். எஞ்சின் ஒரே ஒரு முறைதான் பிரிக்கப்பட்டது.

ஒதுக்கிய பணம் சும்மாவும் கிடக்காது. தலைப்பில் இருக்கிறது என்பதற்காகவே சீட் கவர், பெயின்ட், புது ஆரன் என்று செலவாகும். அடுத்த வருஷக் கணக்கில் அதுவே “ஆன செலவு” ஆகிவிடும். பிறகு எந்த ஆடிட்டர் பார்த்தாலும் பில் சரியாகத்தான் இருக்கும், கண்டுபிடிக்க வழியில்லை.

இதைத் தடுப்பது எளிது. வவுச்சர் போடும் நாளிலேயே ஒருமுறைச் செலவைத் தனி லெட்ஜரில் போட வேண்டும். டேலியில் “வேன் ரிப்பேர்” என்பதன் கீழ் “வழக்கமானது”, “பெரிய வேலை” என்று இரண்டு லெட்ஜர் போதும். ஜனவரியில் உட்கார்ந்து பழைய பில்லைப் பிரிப்பது யாராலும் முடியாத வேலை.

“ஆனா சம்பளத்துக்கு இந்த முறை சரியாத்தானே வருது?”

பெரும்பாலும் வரும். அதன் காரணம் தெரிந்திருந்தால், எந்த வருஷம் வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நாற்பது ஆசிரியர்களின் மாதச் சம்பளம் 8 லட்சம். போன ஜூனில் 10% உயர்ந்து 8.8 லட்சம் ஆனது. போன வருஷச் செலவு: ஏப்ரல், மே இரண்டு மாதம் பழைய விகிதத்தில், மீதிப் பத்து மாதம் புது விகிதத்தில், ஆக 104 லட்சம். இந்த வருஷம் ஒரு பைசாகூட உயர்த்தாவிட்டாலும் 8.8 லட்சம் வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 105.6 லட்சம் வேண்டும். அதாவது போன வருஷ உயர்வின் மீதி இரண்டு மாதத்துக்கான 1.6 லட்சம் அடித்தொகையில் இல்லவே இல்லை.

இந்த ஜூனில் 8% உயர்த்தினால் சரியான தொகை 112.64 லட்சம். கண்ணை மூடிக்கொண்டு 104 லட்சத்தின்மேல் 8% கூட்டினால் 112.32 லட்சம். வித்தியாசம் 32,000 ரூபாய்தான். போன வருஷ உயர்வில் விட்டுப்போன இரண்டு மாதமும், இந்த வருஷ உயர்வு நடைமுறைக்கு வராத இரண்டு மாதமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய அதே அளவு, அதே மாதத்தில், அதே ஆட்களுக்கு உயர்வு கிடைக்கும்வரை இந்த முறை பிழைத்துக்கொள்ளும்.

அந்தத் தாளம் தவறும் வருஷத்தில் பிழை வெளியே வரும். போன வருஷம் உயர்வே இல்லை, 8.8 லட்சமாகவே இருந்தது என்றால் செலவு 105.6 லட்சம். இந்த ஜூனில் 8% என்றால் தேவை அதே 112.64 லட்சம்தான். ஆனால் நேர்ச் சதவீதம் 114.05 லட்சம் காட்டும், 1.41 லட்சம் மிகை. மாறாக, போன வருஷம் 10% கொடுத்துவிட்டு இந்த வருஷம் உயர்வு இல்லை, அதனால் “போன வருஷத் தொகையே போதும்” என்று முடிவெடுத்தால் மார்ச்சில் 1.6 லட்சம் பற்றாக்குறை வந்து நிற்கும். சம்பளத் தலைப்பில் நாம் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

பி.எஃப். தொகையை மட்டும் சம்பளத்தோடு சேர்த்துப் பெருக்காதீர்கள். 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி கட்டும் பள்ளியில், ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 20,000-லிருந்து 22,000 ஆனாலும் நிர்வாகத்தின் 12% பங்கு அதே 1,800 ரூபாய்தான்.

“பிள்ளைங்க எண்ணிக்கை கூடினா அதே அளவு சதவீதத்தைக் கூட்டிக்கலாமா?”

ஆசிரியர், வேன், வகுப்பறை ஆகியவை படிக்கட்டு மாதிரி ஏறும். பிரிவுக்கு 40 பேர் என்று வைத்தால், 36 பேர் 40 ஆனாலும் ஆசிரியர் செலவு கூடாது. 41-வது பிள்ளை வந்ததும் ஒரு பிரிவும் அதற்கான ஆசிரியரும் கூட வேண்டும். ஆகவே எண்ணிக்கை 5% கூடினால் செலவு கூடாமலே இருக்கலாம், ஒரே எட்டில் தாவவும் செய்யலாம். வகுப்புவாரியாக அட்மிஷனை எழுதிப் பார்க்காமல் இதற்குப் பதில் கிடைக்காது. நோட்டு, வினாத்தாள், அடையாள அட்டை போன்றவை பிள்ளைக்கு இவ்வளவு என்று நேராக ஏறும், அவற்றுக்குச் சதவீதம் பொருந்தும்.

“கரண்ட் பில்லுக்கு எவ்வளவு கூட்டணும்?”

முதலில் யூனிட், பிறகு விலை. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் மின்கட்டணம் ஜூலையில்தான் மாறியிருக்கிறது. 2024 ஜூலையில் 4.83% உயர்ந்தது. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் அது ஒன்பது மாதத்தைத்தான் தொடும் என்பதால் அந்த வருஷத்துக்கு உண்மையான ஏற்றம் சுமார் 3.6%. மீதி மூன்று மாதத்தின் பாரம் அடுத்த வருஷத்துக்குப் போகும்.

யூனிட் பக்கம் பார்க்க வேண்டியது, நடு ஆண்டில் என்ன மாட்டினீர்கள் என்பது. டிசம்பரில் கணினி அறைக்கு ஏ.சி. போட்டிருந்தால் போன வருஷ பில்லில் நான்கே மாதம்தான் அது ஓடியிருக்கும், அதுவும் மதுரையின் குளிர் மாதங்களையும் சேர்த்து. ஜூன், ஜூலை வெயிலில் அது ஓடும் கணக்கு போன வருஷத்தில் கிடையாது.

“மார்ச் மாசம் ஏன் எல்லாத் தலைப்பும் காலியாகுது?”

மிச்சம் வைத்தால் அடுத்த வருஷம் வெட்டுவார்கள் என்ற பயம். அடித்தொகை போன வருஷச் செலவு என்று இருக்கும்வரை, சிக்கனமாக இருந்த துறைக்கு அதுவே தண்டனையாகிறது. இதைத் தனிமனிதரின் குணக்கேடாகப் பார்க்கக் கூடாது. முறையே அப்படி நடந்துகொள்ளச் சொல்கிறது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் ஆண்டுக் கடைசி மாதச் செலவு நெரிசலை நிதி ஒழுங்கு மீறலாகவே சொல்கின்றன. கடைசிக் காலாண்டில் பட்ஜெட்டின் 33 சதவீதத்துக்கும், மார்ச்சில் 15 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது என்று நிதி அமைச்சகம் வரம்பும் வைத்தது.

உங்கள் லெட்ஜரின் மாதவாரிச் சுருக்கத்தைத் திறந்து பாருங்கள். சீராக ஓடும் தலைப்பில் ஒரு மாதத்தின் பங்கு சுமார் 8.3%. ஸ்டேஷனரியில் மார்ச் மட்டும் 25% என்றால் பில்களை எடுத்து, வாங்கிய பொருள் எப்போது பயன்பட்டது என்று ஸ்டாக் புத்தகத்தில் பார்க்க வேண்டும். மார்ச் 31-க்குப் போட்ட நிலுவை பில்களை முதலில் கழித்துவிடுங்கள். அவை முந்தைய மாதச் செலவு, நெரிசல் ஆகாது.

மாற்றுவழி: மிச்சத்தில் பாதியை அதே துறை அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்ததை வைத்து ஒதுக்கீட்டை வெட்ட மாட்டோம் என்று எழுத்தில் கொடுப்பது. வாய்ச்சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். அறக்கட்டளைகளுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. வருமானத்தில் 85 சதவீதத்தை அதே ஆண்டில் நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்ற வருமான வரி விதியும் மார்ச்சில் அழுத்தும். குறிப்பிட்ட நோக்கத்துக்கு ஒதுக்கி வைக்க அதில் வழி உண்டு. ஆடிட்டரிடம் டிசம்பரிலேயே கேட்டுவிட்டால் அவசரமாகப் பெஞ்சு வாங்க வேண்டியதில்லை.

“பணம் பத்தலைன்னா எல்லாத்துலயும் பத்து சதவீதம் வெட்டிர்றோம். அது நியாயந்தானே?”

கொழுப்பு வைத்திருந்த தலைப்புக்கு அது வலிக்காது. ஏற்கெனவே இறுக்கிப் பிடித்திருந்த தலைப்பில் எலும்பு தெரியும். அடுத்த வருஷத்திலிருந்து எல்லோரும் முன்ஜாக்கிரதையாகப் பதினைந்து கூட்டிக் கேட்பார்கள், நீங்கள் ஐந்து வெட்டுவீர்கள், இரு தரப்பும் திருப்தியோடு எழுந்து போவார்கள். தொகை கேட்கும்போது எண்ணிக்கையும் விலையும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னால் இந்தப் பேரம் பெருமளவு அடங்கும். “ஆய்வகச் செலவு 15% கூடுதல்” என்று பேரம் பேசலாம். “பிளஸ் டூ பிள்ளைகள் 48 பேர், ஆளுக்கு இவ்வளவு” என்பதில் பேரத்துக்கு இடம் குறைவு.

“பட்ஜெட் போடுறது ஜனவரியில. போன வருஷக் கணக்கே முடிஞ்சிருக்காதே?”

ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஆன செலவு, கூடவே மூன்று மாத மதிப்பீடு. போன வருஷப் பட்ஜெட் தொகையை அடியாக எடுக்காதீர்கள், அது ஆசை, செலவு அல்ல.

ஒன்பது மாதச் செலவை ஒன்பதால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. சம்பளத்தில் பிழை சிறியது. டீசலில் பெரியது. ஏப்ரல் முதல் டிசம்பருக்குள் கோடை விடுமுறை அடங்கிவிடுகிறது. 210 நாளில் அந்த ஒன்பது மாதத்தில் 148 நாளும் கடைசி மூன்று மாதத்தில் 62 நாளும் வேன் ஓடினால், இந்தப் பெருக்கல் 197 நாள் என்றுதான் காட்டும். டீசல் 6% குறைவாக மதிப்பிடப்படும். மாதத்தால் வகுக்காமல் ஓடிய நாளால் வகுத்தால் இந்தப் பிழை வராது.

“அப்போ எல்லாத்தையும் பூஜ்யத்துல இருந்து போடணுமா?”

வேண்டாம். பூஜ்ய அடிப்படை பட்ஜெட் முறையை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பீட்டர் பைர் உருவாக்கினார். ஜார்ஜியா மாநிலத்தில் அதைப் பயன்படுத்திய ஜிம்மி கார்ட்டர், குடியரசுத் தலைவரானதும் 1977-இல் அமெரிக்க மத்திய அரசுக்குக் கொண்டுவந்தார். 1981-இல் அடுத்து வந்த அரசு கைவிட்டது. ஒவ்வொரு செலவையும் ஒவ்வொரு வருஷமும் நியாயப்படுத்தச் சொன்னால் காகிதம் குவியும். குவிந்த காகிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள், பிறகு மக்கள் போன வருஷத் தாளையே நகலெடுத்துத் தருவார்கள். ஒரு கணக்காளரும் ஒரு தாளாளரும் உள்ள பள்ளியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

தலைப்புகளை மூன்று பங்காக்கி, வருஷத்துக்கு ஒரு பங்கை மட்டும் அடியிலிருந்து பாருங்கள். மற்றவற்றுக்குச் சதவீதம் போதும். இந்த வருஷம் வேனும் மின்சாரமும் என்றால் அடுத்த வருஷம் கட்டட மராமத்தும் ஹாஸ்டலும்.

“எந்தத் தலைப்பை நம்பி அப்படியே சதவீதம் கூட்டிவிடலாம்?”

எண்ணிக்கை மாறாததும், விலை ஏற்றம் ஏற்கெனவே காகிதத்தில் இருப்பதும். வாடகை ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 5% என்று எழுதியிருந்தால் அதுவேதான் பட்ஜெட், தொடங்கும் மாதத்தை மட்டும் பாருங்கள். ஜெனரேட்டர், ஆர்.ஓ., லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தங்கள், காவலர் சம்பளம், ஆடிட் கட்டணம், இணைய இணைப்பு எல்லாம் இந்த வகை.

தொகை சிறிதாக இருப்பதும் ஒரு நல்ல காரணம். செய்தித்தாளுக்கும் தபாலுக்கும் வருஷம் 20,000 ஆகிறது என்றால், கணக்காளர் இரண்டு நாள் உட்கார்ந்து அதில் 2,000 மிச்சம் கண்டுபிடிப்பது லாபமில்லை. ஆனால் சிறிய தொகை என்று விட்டவற்றின் மொத்தம் பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

சதவீதத்தை நம்ப முடியாத நேரமும் உண்டு. புதுப் பிரிவு தொடங்கிய வருஷம், வேன் எண்ணிக்கை மாறிய வருஷம், ஹாஸ்டல் திறந்த அல்லது மூடிய வருஷம், கொரோனாவால் 2020-21-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தது போன்ற அசாதாரண வருஷம். அப்படிப்பட்ட வருஷத்தின் எண்ணை அடியாக எடுத்தால் எந்தச் சதவீதமும் அதைக் காப்பாற்றாது. அதற்கு முந்தைய சாதாரண வருஷத்துக்குப் போய் அங்கிருந்து விலையை ஏற்றி வாருங்கள்.

“இதை எக்செல்ல ஒரே வரியில போட முடியுமா?”

தலைப்புக்கு ஒரு வரி. B போன வருஷச் செலவு, C அதில் ஒருமுறைச் செலவு, D நடு ஆண்டு மாற்றத்தில் விட்டுப்போன மாதங்களின் தொகை, E வரும் வருஷ எண்ணிக்கை, F போன வருஷ எண்ணிக்கை, G விலை ஏற்றச் சதவீதம், H அந்த ஏற்றம் எத்தனை மாதம் பொருந்தும்.

```
=(B2-C2+D2)*(E2/F2)*(1+G2*H2/12)
```

ஆசிரியர் சம்பளத்தில் B 104 லட்சம், D 1.6 லட்சம், எண்ணிக்கை இரண்டும் 40, G 8%, H 10 என்று போட்டால் 112.64 லட்சம் வரும். G கட்டத்தை சதவீத வடிவத்தில் வையுங்கள், வெறும் 8 என்று போட்டால் தொகை பல மடங்காகிவிடும். C, D இரண்டும் பூஜ்யம், E-யும் F-ம் சமம், H பன்னிரண்டு என்று வரும் தலைப்புகளில் இந்தச் சூத்திரம் “போன வருஷம் கூட்டல் சதவீதம்” என்பதாகவே சுருங்கிவிடும். பழைய முறை பொருந்தும் தலைப்புகள் அவைதான்.

“போட்ட பட்ஜெட் சரிதானான்னு எப்போ தெரியும்?”

அக்டோபரில் பாருங்கள், ரூபாயைப் பார்க்கும் முன் அளவைப் பாருங்கள். வேன் கணக்கில் ஓடிய நாள், ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய லிட்டர் மூன்றும் லாக் புத்தகத்தில் இருக்கும். லிட்டர் சரியாக இருந்து பணம் கூடினால் விலை ஏறியிருக்கிறது, அதற்கு நிர்வாகம் ஒன்றும் செய்ய முடியாது, ஒதுக்கீட்டைத் திருத்தினால் போதும். கிலோமீட்டர் சரியாக இருந்து லிட்டர் கூடியிருந்தால் வண்டியையோ டீசல் பில்லையோ பார்க்க வேண்டும். கிலோமீட்டரே கூடியிருந்தால் யாரோ வழியை நீட்டியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தை அப்போதே தாளில் குறித்து வைத்தால், ஜனவரியில் D கட்டத்தில் என்ன போடுவது என்று தேட வேண்டியிருக்காது.